பாதி விளைந்தும் பணம் கூடியது எப்படி?

2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்கள் பல சரிந்தன. மிஞ்சிய செடிகளை அடுத்து வந்த வறட்சி வாட்டியது. 2017-18இல் சுமார் 20,600 டன்னாக இருந்த இந்திய ஏலக்காய் விளைச்சல், 2019-20இல் 11,200 டன் அளவுக்குச் சுருங்கியது. போடிநாயக்கனூர், புத்தடி மின்னணு ஏல மையங்களில் கிலோவுக்குச் சராசரியாக 1,000 ரூபாயை ஒட்டி இருந்த விலை, 3,000 ரூபாயை ஒட்டி ஏறியது. 2019 ஆகஸ்ட்டில் புத்தடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்கே போனது. பெருக்கிப் பார்த்தால், நல்ல விளைச்சலின் மதிப்பு ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். கிட்டத்தட்ட பாதியாகிப்போன விளைச்சலின் மதிப்போ 3,300 கோடிக்கும் மேல்.

இது நடக்கக் காரணம், நம் நாட்டில் ஏலக்காய் வாங்குகிறவர்கள் விலைக்கு அதிகம் அசைந்துகொடுக்காததுதான். நல்ல காய் ஒன்று சுமார் 0.2 கிராம் எடை. கிலோவுக்கு ஏறக்குறைய 5,000 காய். கிலோ 1,000 ரூபாய் என்றால் காய் 20 பைசா, 3,000 என்றால் 60 பைசா. பாயசத்தில் நாலு காய் தட்டிப் போடும் வீட்டுக்கு, விலை மூன்று மடங்கானாலும் கூடும் செலவு இரண்டு ரூபாய்கூட இல்லை. பாலுக்கும் முந்திரிக்கும் ஆகும் செலவில் அது தெரியவே தெரியாது. ஏலக்காய்க்குப் பதிலாகப் போட இன்னொரு மணமும் இல்லை. செலவில் சிறு பங்கு, மாற்று இல்லாமை ஆகிய இரண்டும் சேர்ந்த பொருளில் விலை ஏறினாலும் வாங்கும் அளவு கொஞ்சமாகத்தான் குறையும்.

எவ்வளவு குறைகிறது என்பதை அளக்கும் எண்தான் தேவை நெகிழ்ச்சி. வாங்கும் அளவு மாறிய சதவீதத்தை, விலை மாறிய சதவீதத்தால் வகுக்க வேண்டும். மாற்றம் பெரிதாக இருக்கும்போது, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள அளவை வைத்துச் சதவீதம் போடுவது வழக்கம். விலை 1,000இலிருந்து 3,000 ஆனால், நடு அளவான 2,000இல் அது 100 சதவீத ஏற்றம். ஏற்றுமதி போக உள்நாட்டில் தங்கிய ஏலக்காய் 14,900 டன்னிலிருந்து 9,300 டன்னாக இறங்கியது, அதாவது 46 சதவீதக் குறைவு. நெகிழ்ச்சி 0.46. ஒன்றுக்குக் கீழே இருக்கிற வரை, விலை ஏற ஏற மொத்த வரவும் ஏறும்.

இதே காய் கப்பலேறும்போது கதை மாறுகிறது. ஏற்றுமதி சுமார் 5,700 டன்னிலிருந்து 1,900 டன்னுக்கு விழுந்தது. அதே கணக்கில் நெகிழ்ச்சி 1; உள்நாட்டைப்போல இரு மடங்குக்கும் மேல். அரபு நாடுகளில் காபிக்கு ஏலக்காய் இல்லாமல் முடியாது என்பது உண்மைதான். ஆனால் இந்திய ஏலக்காய் இல்லாமல் முடியும், குவாத்தமாலா இருக்கிறதே! அந்த ஆண்டுகளில் உலகிலேயே அதிகம் ஏலக்காய் விளைவித்தது அந்த நாடு. நம் விலை ஏறியதும் வளைகுடா வியாபாரி அந்தப் பக்கம் திரும்புகிறார். ஆக, நெகிழ்ச்சி பொருளோடு ஒட்டிப் பிறந்த குணம் அல்ல. வாங்குகிறவருக்குக் கையெட்டும் தூரத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

இந்த இரண்டு எண்களையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியாபாரிகளின் இருப்பு இதில் கழியவில்லை. அந்த ஆண்டுகளில் பூச்சிமருந்து எச்சத்தைக் காட்டி சவூதி அரேபியா நம் சரக்கைத் தடுத்ததும் ஏற்றுமதியைக் குறைத்தது. அது விலையால் வந்த குறைவு அல்ல. எனவே ஏற்றுமதியின் உண்மை நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கொஞ்சம் கீழேகூட இருக்கலாம்.

உள்நாட்டுத் தேவை அசைந்துகொடுக்காதது விளைச்சல் பெருகும்போது திருப்பி அடிக்கும். விலை ஏறியபோது நட்ட செடிகள் மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கின. 2021-22இல் விளைச்சல் 23,000 டன்னைத் தாண்டியது. விலை 1,000 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. காய் மலிந்துவிட்டதென்று யாரும் பாயசத்தில் நாலுக்குப் பதில் பத்துக் காய் போடுவதில்லை. மிஞ்சியது கப்பலேறியது, ஏற்றுமதி அந்த ஆண்டு 10,000 டன்னைத் தாண்டியது.

2019இன் அந்த 3,300 கோடியும் எல்லாத் தோட்டத்துக்கும் போய்ச் சேரவில்லை. மண்சரிவில் செடியைப் பறிகொடுத்தவருக்கு ஏலத்தில் வைக்கக் காயே இல்லை. விலை ஏறியதால் பிழைத்தவர், செடி தப்பியவர். போடியையும் பொட்டிபுரத்தையும் சுற்றிய அடிவார ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் காய் பறிக்கிற பெண்களுக்குக் கூலி, பறிக்கும் நாளைப் பொறுத்தது. ஏல விலையைப் பொறுத்தது அல்ல. காய் பாதியானால் பறிப்பு நாட்களும் குறையும். கிலோ 7,000 ரூபாய்க்குப் போன அந்தப் பருவத்தில்தான் அவர்களுக்கு வேலை மிகவும் சுருங்கிப்போனது.