சிப்ஸ் பவுச்சில் ஒரு வெள்ளைக் கட்டம்

நேந்திரங்காய் சிப்ஸுக்குப் புதுப் பவுச் அடிக்க நினைப்பவர், அச்சுக்குக் கொடுக்கும் முன்பே அது கடை அலமாரியில் எப்படித் தெரியும் என்று பார்க்க விரும்புவார். அதற்காகக் கணினியில் செய்யும் மாதிரிப் படம்தான் மாக்கப். பவுச்சைப் படமெடுத்து, முன்பக்கத்தில் லேபிளுக்கான இடத்தை வெற்றாக விட்டுக் கொடுத்தால், டிசைனர் தன் வேலைப்பாட்டை அதில் பொருத்திக்கொள்வார்.

அந்த வெற்றிடத்தில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. சிப்ஸ் உள்ளே புடைத்து நிற்பதால் மேடும் பள்ளமும் மடிப்பும் அங்கே உண்டு. அவை படத்தில் பதியாவிட்டால், எவ்வளவு நல்ல லேபிளும் சுவரில் ஒட்டிய போஸ்டர் போலத்தான் நிற்கும். எனவே அச்சில்லாத மேட் வெள்ளைப் பவுச்சில் நிஜமாகவே சிப்ஸை நிரப்பி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழவைத்துப் படமெடுக்க வேண்டும். வெள்ளை பளீரென்று எரிந்துவிடக் கூடாது. 0 முதல் 255 வரையுள்ள அளவில் அதன் வெளிச்சமான பகுதி 230ஐ ஒட்டி இருந்தால் மடிப்புகள் தப்பிக்கும்.

லேபிள் அளவு 100க்கு 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1181க்கு 1417 பிக்சல். ஃபோட்டோஷாப்பில் இதே அளவில் ஒரு Smart Object செய்து, ஜிப்புக்குக் கீழே, ஓர சீல் மேல் ஏறாமல் பொருத்த வேண்டும். டிசைனர் அதை இரட்டைச் சொடுக்கில் திறந்து, தன் படத்தை வைத்துச் சேமித்தால் போதும். அதற்கு மேல் பவுச்சின் படத்தையே இன்னொரு லேயராக Multiply முறையில் வைத்தால், நிழல்கள் லேபிளின் மீது விழும். Multiply இருட்டை மட்டுமே கூட்டும், பளபளப்பைத் தராது. அதற்கு வெளிச்சக் கீற்றுகளை மட்டும் பிரித்து Screen முறையில் தனி லேயராக வைக்க வேண்டும்.

எழுத்துகளும் மடிப்போடு வளைய Displace உதவும். பவுச்சின் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தனி PSD கோப்பாகச் சேமித்துக் காட்டினால், நடுச் சாம்பலான 128 உள்ள இடத்தில் லேபிள் அசையாது. அதைவிட வெளிச்சமான இடம் ஒரு பக்கமும், இருண்ட இடம் எதிர்ப் பக்கமும் நகரும். அந்தப் படத்தை முன்பே சற்று மங்கலாக்காவிட்டால் எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும்; அவசரத்தில் பலரும் தாண்டிவிடும் படி இதுதான்.

டிசைனரிடம் கொடுக்கும் முன் Smart Object-இல் ஒரு கட்டக்கோட்டுப் படத்தைப் போட்டுப் பாருங்கள். மடிப்பு இருக்கும் இடத்தில் கோடு நேராகவே ஓடினால் Displace வேலை செய்யவில்லை. சமதளமான இடத்திலும் கோடு நெளிந்தால் அதன் அளவு கூடிவிட்டது.

இந்தப் படத்தை வைத்து அச்சு நிறத்தை ஒப்புக்கொள்வது மட்டும் வேண்டாம். வெள்ளிப் படலப் பவுச்சில் அடியில் வெள்ளை மை விடாமல் மஞ்சளை அடித்தால், திரையில் கண்ட மஞ்சள் வராது. உலோகப் பளபளப்போடு வேறு நிறமாகத் தெரியும். அதற்கு அச்சகத்தில் மாதிரி அடித்துத்தான் பார்க்க வேண்டும்.