அம்பு அதே அம்புதான், எண்கள்தான் வேறு

வரைபடத்தாளில் ஆதியிலிருந்து 7 கட்டம் வலப்பக்கம், 2 கட்டம் மேலே சென்று ஓர் அம்பு வரையுங்கள். அந்தத் திசையனின் ஆயத்தொலைவுகள் (7, 2). இந்த எண்கள் அம்புக்குச் சொந்தமானவை அல்ல, நாம் தேர்ந்தெடுத்த அச்சுகள் தந்தவை.

இப்போது (2, 1), (1, −1) என்ற இரு திசையன்களைப் புதிய அடிப்படையாக வைத்துக்கொள்வோம். முதலாவதை a மடங்கும் இரண்டாவதை b மடங்கும் கூட்டினால் நம் அம்பு கிடைக்க வேண்டும். அதாவது 2a + b = 7, a − b = 2. இரண்டையும் கூட்டினால் 3a = 9. ஆக a = 3, b = 1. புதிய அடிப்படையில் அதே அம்பின் பெயர் (3, 1).

புதிய திசையன்களை நிரல்களாக நிறுத்தினால் வருவதே மாற்ற அணி:

```
P = | 2   1 |
    | 1  −1 |
```

பலரும் சறுக்கும் இடம் இதுதான். புதிய அடிப்படையைக் கொண்டு அமைத்த அணி என்பதால், P பழைய எண்களைப் புதியதாக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது: P-ஐ (3, 1)-ஆல் பெருக்கினால் (7, 2) வரும். பழையதிலிருந்து புதியதற்குப் போக P-இன் நேர்மாறு அணி வேண்டும். தவறுதலாக P-ஐ (7, 2)-ஆல் பெருக்கினால் (16, 5) வரும். 16 மடங்கு (2, 1), 5 மடங்கு (1, −1) என்று கூட்டிப் பார்த்தால் கிடைப்பது (37, 11). பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரு திசையன்களும் ஒரே கோட்டில் இருந்தால், உதாரணமாக (2, 1), (4, 2), அணிக்கோவை பூச்சியமாகிவிடும், நேர்மாறு இராது. அவற்றைக் கொண்டு (7, 2)-ஐ எட்டவே முடியாது.