எண்ணுக்கு எதிர்ப்பக்கம், கோட்டுக்குத் தன்பக்கம்

ஒரு நிறுவனத்தின் தகவல்தளத்தைக் கட்டும் முன் போடும் படம். ‘ஊழியர்’, ‘துறை’ என்று இரண்டு பெட்டிகள், நடுவே ஒரு சாய்சதுரம், அதற்குள் ‘பணிபுரிகிறார்’. 1976-ல் பீட்டர் சென் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து வளர்ந்த வரைமுறை இது. ஊழியர் பக்கக் கோட்டில் N, துறை பக்கக் கோட்டில் 1 என்று எழுதியிருக்கும்.

புதிதாகப் படிப்பவர், ஊழியருக்கு அருகில் N இருப்பதால் ஓர் ஊழியருக்குப் பல துறைகள் என்று முடிவுகட்டிவிடுவார். அது தலைகீழ். ஊழியர் பெட்டியில் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, எதிர்முனையில் என்ன எண் என்று பார்க்க வேண்டும். அங்கே இருப்பது 1. ஆக, ஓர் ஊழியருக்கு அதிகபட்சம் ஒரு துறை. துறையிலிருந்து பார்த்தால் எதிரே N. ஒரு துறையில் பலர் இருக்கலாம்.

எண் சொல்வது உச்சவரம்பை மட்டும்தான். கட்டாயம் உண்டா இல்லையா என்பதைக் கோடு சொல்கிறது. இரட்டைக் கோடு என்றால் முழுப் பங்கேற்பு, ஒற்றைக் கோடு என்றால் பகுதிப் பங்கேற்பு. வம்பு என்னவென்றால், எண்ணை எதிரே பார்த்த அதே கண், கோட்டைத் தன் பெட்டியை ஒட்டியே பார்க்க வேண்டும்.

அதே படத்தில் ‘தலைமை வகிக்கிறார்’ என்று இன்னொரு சாய்சதுரம் இருக்கட்டும். இரு பக்கமும் 1. துறைப் பக்கம் மட்டும் இரட்டைக் கோடு. ஒவ்வொரு துறைக்கும் தலைவர் இருந்தே தீர வேண்டும், ஊழியர் எல்லோரும் தலைவராக வேண்டியதில்லை என்பது பொருள். சந்தேகம் வந்தால் ஆட்களைப் போட்டுப் பாருங்கள். ஊழியர் 40 பேர், துறைகள் 3. கோட்டையும் எதிரே படித்தால் நாற்பது பேரும் தலைவர்களாக வேண்டும். அதற்கு 40 துறைகள் வேண்டும்!

இந்த வாசிப்பு அப்படியே அட்டவணைக்குப் போகிறது. தலைவரின் எண்ணைத் துறை அட்டவணையில் வைக்கிறோம்:

```
manager_id INT NOT NULL UNIQUE
```

`NOT NULL` இரட்டைக் கோட்டிலிருந்து வந்தது. ஒருவர் இரண்டு துறைகளுக்குத் தலைவராவதைத் தடுப்பது `UNIQUE`. அது துறைப் பக்க 1-இலிருந்து வந்தது. இதையே ஊழியர் அட்டவணையில் ‘எந்தத் துறைக்குத் தலைவர்’ என்று வைத்திருந்தால் 37 கட்டங்கள் காலியாகக் கிடக்கும். தலைவரே இல்லாத துறையையும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

இரட்டைக் கோட்டை அள்ளித் தெளிக்கவும் கூடாது. தலைவர் ஓய்வுபெற்று, அடுத்தவர் வரும்வரை நாற்காலி காலியாக இருப்பது உங்கள் அலுவலக வழக்கமா? அப்படியானால் அங்கே ஒற்றைக் கோடுதான் சரி. இல்லாவிட்டால், பதிவை ஏற்க வைப்பதற்காகவே யாராவது ஒரு பொய்ப்பெயரைத் தட்டிவிடுவார்கள்.

இந்த விதி சென் பாணிப் படங்களுக்கு மட்டுமே. கோட்டின் மேல் (0,1), (1,1) என்று அடைப்புக்குறிக்குள் எழுதும் முறையில் இரண்டு எண்களையும் தன் பெட்டியின் பக்கத்திலேயே படிக்க வேண்டும். காக்கைக்கால் குறி போடும் முறையிலோ இரண்டும் எதிர்முனையில் இருக்கும். ஆகவே எந்த முறையில் வரைந்தது என்று கேட்டுக்கொண்டு, பிறகு படத்தைப் படியுங்கள்.