முனைகளில் மட்டும் மாறும் விடை

பதினோராம் வகுப்புக் கணக்கில் ஈருறுப்புத் தேற்றத்தைப் பின்ன அடுக்குகளுக்கு நீட்டும்போது, வாய்பாட்டுக்குப் பக்கத்தில் |x| < 1 என்று ஒரு நிபந்தனை வரும். பெரும்பாலான பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். ஒரு வருடம் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், x சரியா 1 ஆ இருந்தா என்ன ஆகும்?” அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை கிடையாது. அடுக்கு என்ன என்பதைப் பொறுத்து விடை மாறும். அவளுக்குக் கரும்பலகையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வாய்பாடு இதுதான்:

(1 + x)^m = 1 + mx + m(m−1)/2 · x² + m(m−1)(m−2)/6 · x³ + …

m = 2 என்று வைத்தால் 1 + 2x + x² என்று மூன்று உறுப்புகளில் முடிந்துவிடும். m = 1/2 என்று வைத்தால் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அப்படி முடியாத தொடரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்போது, கூட்டுத்தொகை ஏதோ ஓர் எண்ணை நெருங்கி அங்கேயே நிலைத்தால் தொடர் குவிகிறது என்கிறோம். அப்படி நிலைக்காவிட்டால் அது விரிகிறது. m-க்கும் x-க்கும் எந்தெந்த மதிப்புகள் கொடுத்தால் இந்தத் தொடர் குவியும்? ஒரு மதிப்பும் விட்டுப்போகக் கூடாது, தவறாக ஒன்றும் சேர்ந்துவிடக் கூடாது.

நியூட்டன் இந்தத் தொடரை 1660-களிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எங்கே குவிகிறது என்பதை விளிம்பு வரை முழுமையாக ஆராய்ந்தவர் நார்வே நாட்டு இளைஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல். 1826-இல், பெர்லினில் கிரெல்லே தொடங்கிய கணித இதழின் முதல் தொகுதியில் அந்தக் கட்டுரை வந்தது. அப்போது அவருக்கு வயது 23. கோஷி 1821-இல் எழுதிய பாடநூலைப் போற்றிப் படித்தவர் அவர். அந்த நூலின் ஒரு நிரூபணத்தில் ஓட்டை இருப்பதைக் கண்டு, அதை அடைத்துத்தான் மேலே போனார். அவர் கலப்பெண்களையும் சேர்த்தே ஆராய்ந்தார். நமக்கு இங்கே மெய்யெண்கள் போதும்.

முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது m = 0, 1, 2, 3 என்ற முழு எண்கள். m = 3 என்றால் நான்காம் அடுக்கின் கெழுவில் (m−3) என்ற காரணி வந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும். அங்கே தொடர் என்று ஒன்றும் இல்லை, நாலே உறுப்புகளின் கூட்டல்தான். x எதுவாக இருந்தாலும் விடை உண்டு. இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த படியில் ஓர் உறுப்பை அதற்கு முந்தைய உறுப்பால் வகுக்கப் போகிறோம். முந்தையது பூஜ்யமாக இருந்தால் அந்த வகுத்தலுக்கே பொருள் இல்லை. விடைத்தாள்களில் அதிகம் விட்டுப்போகும் வகையும் இதுதான். மற்ற எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு, m = 2, x = 5 என்றால் தொடர் விரியும் என்று எழுதிவிடுவார்கள். (1 + 5)² என்பது 36 என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் இது நடக்கும். x = 0 என்பதும் அப்படித்தான். முதல் உறுப்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது, m எதுவானாலும் விடை 1.

இனி m முழு எண்ணாகவோ பூஜ்யமாகவோ இல்லாத பின்னம், அல்லது குறை எண் என்று வைத்துக்கொள்வோம். x-இன் n-ஆம் அடுக்கு உள்ள உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்குப் போக, (m−n)/(n+1) · x என்பதால் பெருக்க வேண்டும். n மிகப் பெரிதாகும்போது (m−n)/(n+1) என்பது −1-ஐ நெருங்கும். ஆகவே தொலைவில் போய்ப் பார்த்தால், ஒவ்வோர் உறுப்பின் அளவும் முந்தையதைப் போல ஏறக்குறைய |x| மடங்கு. x = 0.5 என்றால் ஒவ்வொரு படியிலும் பாதியாகும், தொடர் குவியும். x = 2 என்றால் இரட்டிப்பாகும், உறுப்புகளே வளர்ந்துகொண்டு போகும்போது கூட்டுத்தொகை எங்கும் நிலைக்காது. விகிதச் சோதனை என்று பாடத்தில் வருவது இதுவே. |x| < 1 என்றால் குவியும், |x| > 1 என்றால் விரியும். இதில் m-க்கு எந்தப் பங்கும் இல்லை.

x = 1, x = −1 என்ற இரண்டு இடங்களில் இந்தச் சோதனை வாய் திறக்காது. விகிதம் 1-ஐ நெருங்குகிறது என்று மட்டும் சொல்லும். அதிலிருந்து குவியும் என்றும் சொல்ல முடியாது, விரியும் என்றும் சொல்ல முடியாது. ‘1 வந்துவிட்டது, அதனால் விரியும்’ என்று முடிப்பதுதான் இந்தக் கணக்கில் நடக்கும் பெரிய பிழை.

அங்கே பார்க்க வேண்டியது, விகிதம் எவ்வளவு வேகமாக 1-ஐ நெருங்குகிறது என்பதை. x = 1 ஆனாலும் −1 ஆனாலும், n என்பது m-ஐத் தாண்டியபின் உறுப்புகளின் அளவு விகிதம் (n−m)/(n+1). இதை 1 − (m+1)/(n+1) என்று எழுதலாம். அதாவது ஒவ்வோர் உறுப்பும் முந்தையதில் ஏறத்தாழ (m+1)/n பங்கை இழக்கிறது. 1, 1/2^p, 1/3^p, 1/4^p என்று போகும் வரிசையைப் பார்த்தால், அதில் ஒவ்வொரு படியிலும் இழப்பு ஏறத்தாழ p/n பங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் p-இன் இடத்தில் m+1 நிற்கிறது. ஆகவே நம் தொடரின் உறுப்புகள் அளவில் 1/n^(m+1) போலத் தேய்கின்றன, ஒரு மாறிலிப் பெருக்கல் மட்டும் கூடுதலாக இருக்கும். இந்த ஒப்பீட்டைத் திருத்தமான சோதனையாக எழுதிவைத்தவர் ராபே. இனி முனைகளைத் தீர்மானிக்க m+1 என்ற ஓர் எண் போதும்.

x = −1 முனையை எடுப்போம். கெழுக்களின் குறி தொலைவில் மாறி மாறி வரும். −1-இன் அடுக்குகளும் மாறி மாறி வரும். இரண்டும் சேரும்போது எல்லா உறுப்புகளும் ஒரே குறியாகிவிடுகின்றன. ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ள வழியில்லை, உறுப்புகள் போதுமான வேகத்தில் தேய்ந்தால்தான் பிழைப்பு. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்பது எல்லையின்றி வளரும் என்று ஒரேம் 14-ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். 1/3 + 1/4 அரைக்கு மேல், அடுத்த நான்கு உறுப்புகள் சேர்ந்தால் அரைக்கு மேல், அடுத்த எட்டும் அப்படியே. ஆகவே p என்பது 1-ஐத் தாண்டியே ஆகவேண்டும், 1-க்குச் சமமானாலும் போதாது. m+1 > 1, அதாவது m > 0 என்றால் குவியும். m < 0 என்றால் விரியும். m = 0-ஐ முன்பே ஒதுக்கிவிட்டோம்.

x = 1 முனையில் நிலைமை வேறு. இங்கே உறுப்புகள் மிகை, குறை என்று மாறி மாறி வருகின்றன. முன்னே ஓரடி, பின்னே அதைவிடச் சற்றுச் சின்ன ஓரடி என்று நடந்தால் ஓர் இடைவெளிக்குள் அடைபடுவோம். அடிகளின் நீளம் பூஜ்யத்தை நோக்கிப் போனால் அந்த இடைவெளியும் சுருங்கி ஒரு புள்ளியாகும். வேகமாகத் தேய வேண்டியதில்லை, தேய்ந்தாலே போதும். அதற்கு m+1 > 0, அதாவது m > −1 வேண்டும். m = −1 என்றால் தொடர் 1 − 1 + 1 − 1 + …, அடி சுருங்கவே இல்லை. m = −2 என்றால் 1 − 2 + 3 − 4 + …, அடி நீண்டுகொண்டே போகிறது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க m = −1/2 நல்ல இடம். x = 1-இல் தொடர் 1 − 1/2 + 3/8 − 5/16 + 35/128 − …. கூட்டிப் பார்த்தால் 1, 0.5, 0.875, 0.5625, 0.836, 0.590 என்று ஊசலாடிக்கொண்டே 0.7071-ஐ, அதாவது 1/√2-ஐ நோக்கி ஒடுங்கும். அதே எண்கள் x = −1-இல் 1 + 1/2 + 3/8 + 5/16 + … ஆகின்றன. x-இன் 100-ஆம் அடுக்கு வரை கூட்டினால் 11-ஐத் தாண்டும், 10,000-ஆம் அடுக்கு வரை போனால் 112-ஐத் தாண்டும். உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கித்தான் போகின்றன, இருந்தும் கூட்டுத்தொகைக்கு எல்லை இல்லை. m = 1/2 என்றாலோ இரண்டு முனைகளும் உள்ளே வந்துவிடும். x = 1-இல் √2 கிடைக்கும், x = −1-இல் பூஜ்யம் கிடைக்கும்.

அந்த மாணவியின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது. “சார், m = −1, x = 1 போட்டா இடது பக்கம் 1/2 வருதே. அப்போ தொடரும் 1/2-க்குத்தானே போகணும்?” போகாது. கூட்டுத்தொகை 1, 0, 1, 0 என்று மாறிக்கொண்டே இருக்கும். ஏபெலின் அதே கட்டுரையில் இதற்கான தேற்றம் இருக்கிறது: முனையில் தொடர் குவிந்தால், அதன் மதிப்பு x-ஐ உள்ளிருந்து முனைக்குக் கொண்டுபோகும்போது கிடைக்கும் மதிப்பே. இது ஒருவழிப் பாதை. இடது பக்கத்துக்கு ஒரு மதிப்பு இருப்பதால் தொடர் குவிந்துவிடாது. முனையில் குவிகிறதா என்பதைத் தனியாகச் சோதித்த பிறகுதான் தேற்றத்தைத் தொட வேண்டும்.

கணினியில் போட்டுக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். x = −1 முனையில் m = 0.01 என்று வைத்துப் பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டினால் ஏறத்தாழ 0.87 வரும். m = −0.01 என்று வைத்தால் ஏறத்தாழ 1.15. இரண்டும் பார்வைக்கு ஓரிடத்தில் நிற்பது போலவே இருக்கும், அடுத்த ஆயிரம் உறுப்புகளைச் சேர்த்தாலும் மூன்றாம் தசம இடம்கூட அசைவது அரிது. ஆனால் முதலாவது மெல்ல மெல்ல இறங்கி பூஜ்யத்துக்குப் போகிறது, இரண்டாவது மெல்ல மெல்ல ஏறி எல்லையில்லாமல் போகிறது. இரண்டுக்கும் நடுவே m = 0 இருக்கிறது. அங்கே தொடரில் ஒரே ஓர் உறுப்பு, கூட்டுத்தொகை சரியாக 1.