கம்ப்யூட்டர் லேப் டெண்டரில் என்ன எழுத வேண்டும்?

"20 கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், ஒரு பிரின்டர் தேவை. விலை தெரிவிக்கவும்." பல பள்ளிகள் அனுப்பும் கடிதம் இவ்வளவுதான். வருகிற மூன்று கொட்டேஷனும் மூன்று வெவ்வேறு பொருளுக்கானவையாக இருக்கும். அவற்றில் குறைந்த தொகையைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்கு வேண்டியதை நாம் எழுதவில்லை.

முன்னாள் மாணவர்கள் தந்த பணத்தில் ஓர் உதவிபெறும் பள்ளி லேப் அமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் ஆவணத்தின் முதல் பக்கத்தில் பொருள் பட்டியல் வேண்டாம், பயன்பாட்டைச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் 40 பேர், ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர். நடுநிலை வகுப்புகளுக்குத் தமிழ் தட்டச்சும் ஸ்கிராட்ச்சும். மேல்நிலைக்கு சி பிளஸ் பிளஸ், பைத்தான், மைஎஸ்க்யூஎல். இதைப் படிக்கும் விற்பனையாளருக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை என்பது புரிந்துவிடும். அறையின் நீள அகலம், பிளக் பாயின்ட்டுகள் இருக்கும் இடம், மின்சாரம் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

அடுத்து பொருளின் தரம். "ஐ5 பிராசஸர்" என்று மட்டும் எழுதினால் 2013-இல் வந்த நான்காம் தலைமுறை ஐ5-உம் அதற்குள் அடங்கும். அதில் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஆகவே, "விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி; அனைத்தும் புதியவை, புதுப்பிக்கப்பட்ட பழைய பொருள் ஏற்கப்படாது" என்று எழுதுங்கள். ஒரு பிராண்டின் பெயரைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றால் "அல்லது அதற்கு இணையான" என்பதைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

அதிகம் ஏமாறுவது யுபிஎஸ்ஸில்தான். மானிட்டருடன் ஒரு கம்ப்யூட்டருக்கு 120 வாட் என்று வைத்தால் 20-க்கு 2,400 வாட். 0.8 பவர் ஃபேக்டர் உள்ள 3 கேவிஏ யுபிஎஸ்ஸின் உச்ச அளவே 2,400 வாட்தான், மிச்சமே இல்லை. எனவே 5 கேவிஏ கேட்கிறோம். ஆனால் 5 கேவிஏ என்பது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்லாது. நேரத்தைத் தீர்மானிப்பது பேட்டரி. ஒருவர் 16 சிறிய 7 ஏஎச் பேட்டரி வைப்பார், இன்னொருவர் 16 பெரிய 26 ஏஎச் பேட்டரி வைப்பார். இருவரும் எழுதுவது "5 கேவிஏ யுபிஎஸ், பேட்டரியுடன்" என்றுதான். முன்னது சில நிமிடங்களில் படுத்துவிடும். பின்னது ஒரு பாடவேளையைத் தாண்டும். "20 கம்ப்யூட்டரும் ஓடும்போது குறைந்தது 45 நிமிடம், ஒப்படைக்கும் நாளில் மெயினை அணைத்து ஓட்டிக் காட்ட வேண்டும்" என்று எழுதினால் இந்த ஏமாற்று நடக்காது. எர்த்திங் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

விலையை அவரவர் லெட்டர்பேடில் அவரவர் பாணியில் வாங்காதீர்கள். அட்டவணையை நீங்களே அச்சிட்டுக் கொடுங்கள்: ஒரு பொருளின் விலை, எண்ணிக்கை, ஜிஎஸ்டி, பொருத்தும் கூலி, மொத்தம். ஒருவர் 8,40,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 9,60,000 என்கிறார். முன்னவரின் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரவில்லை, சேர்த்தால் 9,91,200. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடியது.

வாரன்டி மூன்று ஆண்டு என்றால் போதாது. பள்ளிக்கே வந்து சரிசெய்வார்களா, பேட்டரிக்கும் அதே காலமா, புகார் கொடுத்த எத்தனை நாளில் ஆள் வரவேண்டும் என்று கேளுங்கள்.

சமர்ப்பிக்கும் விதிகளில் மங்கலே கூடாது. கடைசி நாள், மணி, எந்த அறையில் யாரிடம், விலை எத்தனை நாள் செல்லும் எல்லாம் வேண்டும். இரண்டு உறை கேளுங்கள்: ஒன்றில் ஜிஎஸ்டி பதிவும் தொழில்நுட்ப விவரமும், மற்றதில் விலை மட்டும். தகுதி பெற்றவரின் விலை உறையை மட்டுமே திறக்க வேண்டும். சந்தேகங்களை எழுத்தில் பெற்று, ஒருவர் கேட்டதற்கான பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள். நேரம் தாண்டி வந்த உறையைப் பிரிக்காமல் திருப்பித் தருவோம் என்று எழுதி, அப்படியே செய்யுங்கள். அரசு அமைப்புகளை இத்தகைய நடைமுறைக்குக் கட்டுப்படுத்த 1998-இல் தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமே வந்தது. சொந்த நிதியில் வாங்கும் பள்ளியும் இதையே பின்பற்றலாம்.

ஆவணத்தை வெளியிடும் முன் கம்ப்யூட்டர் ஆசிரியரிடமும் பள்ளிக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனிடமும் ஒரு பிரதி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அதிலேயே சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.