வர்க்கங்களின் கூடுதல்: தொகுத்தறிதல் நிரூபணம் எங்கே தடுமாறுகிறது?

1 முதல் n வரையுள்ள இயல் எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் விடையை ஒரே சூத்திரத்தில் எழுதிவிடலாம்:

1² + 2² + 3² + … + n² = n(n+1)(2n+1)/6

இந்த விதி கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபட்டியத்திலேயே இருக்கிறது. உறுப்புகளின் எண்ணிக்கை, அதனோடு ஒன்று கூட்டிய எண், அவ்விரண்டின் கூடுதல் ஆகிய மூன்றையும் பெருக்கி ஆறால் வகுக்கச் சொல்கிறார் ஆரியபட்டர். மூன்று வர்க்கங்களுக்கு 3 × 4 × 7 / 6 = 14. நேரடியாகக் கூட்டினாலும் 1 + 4 + 9 = 14 தான். நான்குக்கு 30 வருகிறது, அதுவும் சரி.

ஆனால் நாலைந்து எண்களுக்குச் சரியாக வந்துவிட்டது என்பதால் எல்லா எண்களுக்கும் சரி என்று ஆகிவிடாது. மேலே உள்ள சூத்திரத்தோடு (n−1)(n−2)(n−3)(n−4) என்ற பெருக்கலைக் கூட்டி ஒரு புதுச் சூத்திரம் செய்துகொள்ளலாம். n = 1, 2, 3, 4 ஆகியவற்றுக்கு அந்தப் பெருக்கல் பூச்சியமாகிவிடும் என்பதால் நான்கு சோதனைகளிலும் அது தேறிவிடும். n = 5 வரும்போதுதான் 55-க்குப் பதில் 79 என்று காட்டும். இதே முறையில் ஆயிரம் சோதனைகளில் தேறி ஆயிரத்து ஒன்றாவதில் தவறும் சூத்திரத்தையும் செய்ய முடியும். முடிவில்லாத எண்களைப் பற்றிய ஒரு கூற்றை, முடிவுள்ள சில வரிகளில் நிறுவ வேறு வழி தேவை. அந்த வழிதான் கணிதத் தொகுத்தறிதல். பிரான்ஸ் நாட்டின் பாஸ்கல் 1654-இல் எழுதிய எண் முக்கோணம் பற்றிய நூலில் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார். கூற்று முதல் எண்ணுக்கு உண்மை என்று காட்ட வேண்டும்; ஏதேனும் ஓர் எண்ணுக்கு உண்மையானால் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்ட வேண்டும். இவ்விரண்டும் நடந்துவிட்டால் எந்த எண்ணும் விடுபடாது.

வர்க்கங்களின் சூத்திரத்துக்கு நிரூபணம் இப்படிப் போகிறது. n = 1 எனில் இடப்பக்கத்தில் 1² மட்டுமே உள்ளது; அதன் மதிப்பு 1. வலப்பக்கம் 1 × 2 × 3 / 6, அதுவும் 1. இது அடிப்படைப் படி. அடுத்து, k என்ற ஏதோ ஒரு குறிப்பிட்ட இயல் எண்ணுக்குச் சூத்திரம் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு எடுகோள் என்று பெயர். k + 1 வர்க்கங்களின் கூடுதல் என்பது, முதல் k வர்க்கங்களின் கூடுதலோடு (k+1)² என்ற ஓர் உறுப்பைச் சேர்ப்பது. முதல் k வர்க்கங்களின் கூடுதலை எடுகோள் தருகிறது. ஆகவே,

1² + 2² + … + k² + (k+1)²
= k(k+1)(2k+1)/6 + (k+1)²
= (k+1)[k(2k+1) + 6(k+1)]/6
= (k+1)(2k² + 7k + 6)/6
= (k+1)(k+2)(2k+3)/6

கடைசி வரி, சூத்திரத்தில் n இருந்த இடத்தில் k + 1 போட்டால் வருவதேதான். நிரூபணம் முடிந்தது. இரண்டாவது வரியிலேயே எல்லாவற்றையும் பெருக்கி விரித்தால் 2k³ + 9k² + 13k + 6 என்ற முப்படிக் கோவை வந்து நிற்கும். அதைக் காரணிப்படுத்துவது வீண் உழைப்பு. (k+1) கடைசி விடையில் இருக்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் அதை முதலிலேயே பொதுவாக வெளியே எடுத்துவிடுவது நல்லது.

இந்த வரிகளில் உண்மையில் சோதிக்கப்பட்டது எது என்று பார்த்தால், பிழைகள் நேரும் இடங்களும் தெரிந்துவிடும். சூத்திரத்தை f(n) என்று குறித்தால், தொகுத்தறிதல் படி சோதிப்பது f(k+1) − f(k) = (k+1)² என்பதை மட்டுமே. சூத்திரம் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும்போது சரியான அளவு வளர்கிறதா என்பதே அங்குள்ள கேள்வி. எங்கிருந்து வளரத் தொடங்கியது என்பதை அந்தப் படி கேட்பதே இல்லை. அதைக் கேட்பது அடிப்படைப் படி.

ஆகையால் அடிப்படைப் படியை ஒரு சடங்காக நினைத்து விட்டுவிடுவது பெரிய பிழை. இரட்டை எண்களின் கூடுதலுக்கு 2 + 4 + … + 2n = n² + n + 1 என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். k-க்கு இது உண்மை என்று கொண்டு, அடுத்த உறுப்பான 2(k+1)-ஐக் கூட்டினால் k² + 3k + 3 வருகிறது. (k+1)² + (k+1) + 1 என்பதை விரித்தாலும் அதே k² + 3k + 3 தான். தொகுத்தறிதல் படி ஒரு குறையும் இல்லாமல் நடந்துவிட்டது. ஆனால் சூத்திரம் ஓர் எண்ணுக்குக்கூட உண்மையில்லை: n = 1 எனில் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3. அந்த 1-க்குப் பதில் 7 போட்டாலும் 100 போட்டாலும் தொகுத்தறிதல் படி அப்படியே நடக்கும், ஏனென்றால் கழிக்கும்போது மாறிலி அடிபட்டுப்போகிறது. மாறிலி சரியா என்று சொல்லக்கூடியது அடிப்படைப் படி ஒன்றுதான்.

அடிப்படைப் படியைச் செய்தும் தவறவிடுபவர்கள் உண்டு. n = 1 என்றதும் இடப்பக்கத்தில் தொடரின் முதல் உறுப்பை மட்டும் எழுதிவிடும் பழக்கம் இதற்குக் காரணம். 1 + 2 + 3 + … + 2n = n(2n+1) என்ற சூத்திரத்தில் இது நன்றாகத் தெரியும். இங்கே n என்பது உறுப்புகளின் எண்ணிக்கை இல்லை; தொடர் 2n வரை போகிறது. ஆகவே n = 1 எனில் இடப்பக்கம் 1 + 2, அதாவது 3. வலப்பக்கமும் 3. இடப்பக்கம் 1 என்று எழுதியவருக்குச் சரியான சூத்திரமே தவறாகத் தோன்றும். அல்லது வலப்பக்கத்தை எப்படியாவது 1 ஆக்கிக் காட்டத் தோன்றும். வேறு சில தொடர்களில் தொடக்கமே வேறாக இருக்கும். 1 + 2 + 4 + … + 2ⁿ = 2ⁿ⁺¹ − 1 என்பது n = 0 முதல் எல்லா எண்களுக்கும் என்று சொல்லப்பட்டிருந்தால், 0-வில்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். 1-இல் தொடங்கினால் 0 நிரூபிக்கப்படாமல் நின்றுவிடும்.

அதே 1 + 2 + … + 2n தொடர், தொகுத்தறிதல் படியில் அதிகம் நேரும் பிழையையும் காட்டித் தருகிறது. k-விலிருந்து k + 1-க்குப் போகும்போது தொடரின் முடிவு 2k-விலிருந்து 2k + 2-க்கு நகர்கிறது. ஆகவே சேர்வது ஓர் உறுப்பு இல்லை; 2k + 1, 2k + 2 என்ற இரண்டு உறுப்புகள். கடைசி உறுப்பை மட்டும் சேர்த்தவருக்கு k(2k+1) + (2k+2), அதாவது 2k² + 3k + 2 கிடைக்கும். வரவேண்டியது (k+1)(2k+3), அதாவது 2k² + 5k + 3. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2k + 1. விட்டுப்போன உறுப்பு அதுவேதான். கணக்கு பொருந்தாதபோது, வரவேண்டியதிலிருந்து வந்ததைக் கழித்துப் பார்த்தால் விடுபட்டது எது என்பது பல சமயம் இப்படித் தானாகவே வெளிப்படும்.

வர்க்கங்களின் கூடுதலில் இதன் இன்னொரு வடிவம் (k+1)²-க்குப் பதிலாக k + 1-ஐச் சேர்ப்பது. அப்போது (k+1)(2k² + k + 6)/6 வரும். அது வேண்டிய வடிவில் காரணிப்படாது. விடையை முன்பே அறிந்தவர் இந்த இடத்தில் அடுத்த வரியை (k+1)(k+2)(2k+3)/6 என்று எழுதி முடித்துவிடக்கூடும். திருத்துபவர் கண்ணில் உடனே படும் தாவல் இது. தனக்குத்தானே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி, ஒவ்வொரு வரியிலும் k = 1 போட்டுப் பார்ப்பது. சரியான வரிகள் எல்லாம் 1² + 2², அதாவது 5 என்றே காட்டும். தவறான வரியில் 2 × 9 / 6 = 3 வரும். மதிப்பு எந்த வரியில் மாறுகிறதோ அங்கேதான் பிழை நேர்ந்திருக்கிறது.

கணக்கில் எந்தப் பிழையும் இல்லாமலே நிரூபணம் செல்லாமல் போவதும் உண்டு. “எல்லா k-க்கும் சூத்திரம் உண்மை எனக் கொள்வோம்” என்று எடுகோளை எழுதினால், நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் எடுத்துக்கொண்டதாகிவிடும். எடுகோள் ஏதோ ஒரு k-யைப் பற்றியது மட்டுமே. சூத்திரத்தில் n-க்குப் பதில் k + 1 போட்டு எழுதிவிட்டு “ஆகவே k + 1-க்கும் உண்மை” என்பதும் இதே வகைதான். அங்கே கூற்று எழுதப்பட்டிருக்கிறதே தவிர நிறுவப்படவில்லை. எடுகோள் எந்த வரியில் பயன்பட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால், நிரூபணம் பெரும்பாலும் இப்படித்தான் சறுக்கியிருக்கும்.

மற்றொன்று, k + 1-க்கான சமன்பாட்டை முதலில் எழுதி, இரு பக்கங்களையும் மாற்றி மாற்றி 0 = 0 என்று கொண்டுவந்து முடிப்பது. தவறான கூற்றிலிருந்தும் உண்மையான முடிவுக்கு வர முடியும்: 1 = −1 என்று தொடங்கி இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்தினால் 1 = 1. இடப்பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு சமக்குறியாக நகர்ந்து, வலப்பக்கத்தில் முடிப்பதே ஐயத்துக்கு இடமில்லாத முறை.

சூத்திரம் கையில் இருந்தால் அதை நிறுவத் தொகுத்தறிதல் உதவும். சூத்திரத்தைத் தானாகக் கண்டுபிடித்துத் தராது. எனினும் வர்க்கங்களின் கூடுதல் ஒரு முப்படிக் கோவையாக இருக்கும் என்று ஊகித்துவிட்டால், மேற்சொன்ன இரண்டு சோதனைகளே அதை முழுமையாகத் தந்துவிடும். f(n) = An³ + Bn² + Cn + D என்று வைத்து, f(k+1) − f(k) = k² + 2k + 1 ஆக வேண்டும் என்று கேட்டால், கெழுக்களை ஒப்பிட்டு 3A = 1, 3A + 2B = 2, A + B + C = 1 என மூன்று சமன்பாடுகள் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து A = 1/3, B = 1/2, C = 1/6. D மட்டும் எஞ்சி நிற்கிறது. f(1) = 1 என்ற அடிப்படைப் படி அதை 0 என்று தீர்மானிக்கிறது. n³/3 + n²/2 + n/6 என்பதைக் காரணிப்படுத்தினால் வருவது n(n+1)(2n+1)/6.