பாஸ்டன் மேடும் கடிகாரத்தின் கணக்கும்

பாஸ்டன் மாரத்தான் ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, பாஸ்டன் நகரின் பாயில்ஸ்டன் தெருவில் முடிகிறது. தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் சுமார் 140 மீட்டர் தாழ்வு. இதைக் கேட்டால் சுலபமான பாதை என்றுதான் தோன்றும். ஓடியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. இறக்கத்தின் பெரும்பங்கு முதல் ஆறரை கிலோமீட்டரிலேயே வந்து போய்விடுகிறது. கால் புதிதாக இருக்கும்போது இறக்கம், 26 கி.மீ. ஓடிக் களைத்த பிறகு நியூட்டன் நகரில் அடுத்தடுத்து நான்கு ஏற்றங்கள். கடைசி ஏற்றத்தின் பெயர் ஹார்ட்பிரேக் ஹில். 32 கி.மீ.க்கு மேல் வரும் அது சுமார் 600 மீட்டர் நீளம், 27 மீட்டர் உயரம். வேறு இடத்தில் இருந்தால் சாதாரண மேடு. அது வரும் நேரம்தான் அதைப் பெரிதாக்குகிறது.

இந்தப் பாதையை 4 மணி நேரத்தில் முடிக்க நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 42.195 கி.மீ.யை 4 மணிக்கு வகுத்தால் ஒரு கி.மீ.க்கு 5 நிமிடம் 41 விநாடி. ஓட்டக்காரர்கள் இதைத்தான் பேஸ் என்கிறார்கள். ஆனால் இறக்கத்திலும் 5:41, ஏற்றத்திலும் 5:41 என்று ஓடினால் உடல் ஓரிடத்தில் சோம்பி, இன்னோரிடத்தில் திணறும். பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி பேஸ் வைத்துக்கொள்வதுதான் சரி. முன்பெல்லாம் அதைக் காகிதத்தில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். இப்போது ஓட்டக் கடிகாரமே பாதையையும் திட்டத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. கார்மின் நிறுவனம் 2019-இல் பேஸ்ப்ரோ என்ற பெயரில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. அதே வேலையைச் செய்யும் வசதிகள் வேறு சில நிறுவனங்களிடமும் உண்டு.

பாதை எப்படிக் கடிகாரத்துக்குள் போகிறது

பந்தயப் பாதை பெரும்பாலும் ஜிபிஎக்ஸ் என்ற கோப்பாகக் கிடைக்கும். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே வரைபடம் எதுவும் இருக்காது. வரிசையாகப் புள்ளிகள்தான் இருக்கும். ஒரு புள்ளி இப்படி இருக்கும்:

```
<trkpt lat="42.2297" lon="-71.5183"><ele>145</ele></trkpt>
```

முதல் இரண்டு எண்களும் அட்சரேகை, தீர்க்கரேகை. மூன்றாவது எண் கடல் மட்டத்திலிருந்து உயரம். கோப்பைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றி, ஓட்டப் பாதையாகச் சேமித்து, அதன்மேல் பேஸ் திட்டம் உருவாக்க வேண்டும். செயலி முதலில் கேட்பது இலக்கு நேரம். அடுத்து, துண்டுகளை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று கேட்கும்: ஒவ்வொரு கிலோமீட்டராகவா, ஒவ்வொரு மைலாகவா, ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தா? பிறகு இரண்டு நகர்த்திகள் வரும். ஒன்று, மேட்டில் எவ்வளவு முயற்சி காட்டுவீர்கள் என்பது. மற்றது, முதல் பாதியை வேகமாக ஓடுவதா, இரண்டாம் பாதியையா என்பது.

திட்டம் போடுவதற்கு முன் கோப்பையே ஒருமுறை சோதிக்க வேண்டும். புள்ளிகள் குறைவாக இருந்தால் வளைவுகள் நேர்கோடாகி, மொத்த நீளம் 42 கி.மீ.க்குக் கீழே போய்விடும். உயர எண்களும் ஏமாற்றும். பாலத்தின் மேல் ஓடும் இடத்தில் கீழே உள்ள ஆற்றின் உயரம் பதிவாகியிருக்கலாம். அப்போது இல்லாத பள்ளமும் இல்லாத மேடும் திட்டத்தில் முளைக்கும். உயர வரைபடத்தில் ஊசிபோலக் குத்திட்டு நிற்கும் கோடு தெரிந்தால், அது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிழைதான்.

ஐந்து துண்டுகள்

பாஸ்டன் பாதையைச் செயலி தானாகப் பிரிக்கும்போது சிறு மேடுபள்ளங்களுக்கெல்லாம் தனித் துண்டு கொடுத்துவிடலாம். அத்தனை எண்களை ஓடுகிறவர் பின்பற்ற முடியாது. ஐந்து துண்டுகள் போதும். பேஸ் போடுவதற்குப் பயிற்சியாளர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சரிவு ஒரு சதவீதம் ஏறினால் கி.மீ.க்கு சுமார் 8 விநாடி கூடும். ஒரு சதவீதம் இறங்கினால் சுமார் 5 விநாடிதான் திரும்பக் கிடைக்கும். ஏற்றத்தில் இழந்ததை இறக்கம் முழுதாகத் தராது.

நம் ஓட்டக்காரரின் திட்டம் இப்படி அமையும்:

- தொடக்கம் முதல் 6.5 கி.மீ. வரை, நீண்ட இறக்கம்: 5:38
- 6.5 முதல் 24 கி.மீ. வரை, லேசான மேடுபள்ளம்: 5:41
- 24 முதல் 26 கி.மீ. வரை, நியூட்டன் லோயர் ஃபால்ஸுக்குச் செங்குத்தான இறக்கம்: 5:35
- 26 முதல் 33.5 கி.மீ. வரை, நான்கு ஏற்றங்கள்: 5:50
- 33.5 கி.மீ. முதல் முடிவு வரை, மறுபடி இறக்கம்: 5:38

முதல் துண்டைக் கவனியுங்கள். அங்கே சராசரிச் சரிவு 1.3 சதவீதத்துக்கு அருகில். கணக்குப்படி 5:35-இல் ஓடலாம். திட்டமோ 5:38 என்கிறது. காரணம் தொடைத் தசை. இறங்கும்போது முன்தொடைத் தசை இழுபட்டபடியே உடலின் எடையைத் தடுத்து நிறுத்துகிறது. மூச்சு வாங்காது, இதயத் துடிப்பும் ஏறாது, அதனால் எதுவும் நடக்காததுபோல இருக்கும். அந்தச் சேதம் மூன்று மணி நேரம் கழித்து ஏற்றத்தில்தான் வெளியே வரும். ஆறரை கி.மீ.யில் 3 விநாடி வீதம் விட்டுக்கொடுத்தால் இழப்பு 20 விநாடி. தொடை சோர்ந்துபோனால் கடைசி 9 கி.மீ.யில் நிமிடக் கணக்கில் போகும். செயலியின் கணக்குக்குச் சரிவு தெரியும், தசை தெரியாது. அதனால் இந்த ஒரு திருத்தத்தை ஓடுகிறவர்தான் செய்ய வேண்டும்.

பந்தயத்தன்று கடிகாரத் திரையில் நான்கு விஷயங்கள் தெரியும்: இந்தத் துண்டின் இலக்கு பேஸ், இந்தத் துண்டில் இதுவரை ஓடிய சராசரி பேஸ், துண்டு முடிய மிச்சமுள்ள தூரம், மொத்தத் திட்டத்துக்கு எத்தனை விநாடி முன்னே அல்லது பின்னே என்பது. பார்க்க வேண்டியது துண்டின் சராசரியை. அந்த நொடியின் பேஸ் ஜிபிஎஸ் தடுமாற்றத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்தினால் கால்தான் தடுமாறும்.

கடிகாரத்தின் கிலோமீட்டரும் சாலையின் கிலோமீட்டரும்

திட்டம் நன்றாக இருந்தும் பலர் கடைசியில் இரண்டு நிமிடம் தாமதமாக முடிப்பதற்குக் காரணம் வேறு. மாரத்தான் பாதையை அளப்பவர்கள் சக்கரத்தில் எண்ணி பொருத்திய சைக்கிளில், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய வழியில் அளக்கிறார்கள். பாதை எக்காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்று 0.1 சதவீதம், அதாவது 42 மீட்டர், கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஓடுகிறவரோ கூட்டத்தில் விலகி விலகிப் போகிறார், தண்ணீர் மேசைக்காக ஓரம் ஒதுங்குகிறார், வளைவின் வெளிப்பக்கம் சுற்றுகிறார். ஜிபிஎஸ் பிழை அதற்கு மேல். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் 42.6 கி.மீ. என்று காட்டுவது சாதாரணம்.

ஒரு சதவீதப் பிழைதானே என்று தோன்றலாம். ஆனால் கடிகாரத்தில் சராசரி 5:41 பிசகாமல் காட்டி 42.6 கி.மீ. ஓடினால் ஆகும் நேரம் 4 மணி 2 நிமிடத்துக்கும் மேல். திரை கடைசிவரை எல்லாம் திட்டப்படி என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கல் துண்டின் எல்லை. பல கடிகாரங்கள் துண்டை மாற்றுவது, தாங்கள் அளந்த தூரத்தை வைத்துத்தான். ஏற்றத் துண்டு 33.5 கி.மீ.யில் முடிவதாக வைத்தோம். கடிகாரம் அந்த எண்ணைத் தொடும்போது சாலையில் நீங்கள் இருப்பது 33.2 கி.மீ. அருகில். ஹார்ட்பிரேக் ஹில்லின் பாதி இன்னும் எதிரே நிற்க, கடிகாரம் இறக்கத் துண்டைத் தொடங்கி 5:38 கேட்கும். அதற்குப் பணிந்து மேட்டில் விரட்டினால், அதுவரை சேமித்ததெல்லாம் அங்கேயே செலவாகிவிடும்.

இதற்கு மூன்று தற்காப்பு உண்டு. முதலாவது, செயலியில் இலக்கை 4:00:00 என்று வைக்காமல் 3:57:40 என்று வைப்பது. சராசரி 5:38 ஆகும். கடிகாரக் கணக்கில் 42.6 கி.மீ. ஓடினாலும் 4 மணிக்குள் வந்துவிடலாம். உங்கள் கடிகாரம் எவ்வளவு கூட்டிக் காட்டும் என்பதை முன்பு ஓடிய, முறையாக அளக்கப்பட்ட பந்தயப் பதிவுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஏற்றத் துண்டின் முடிவைத் திட்டத்தில் 33.9 கி.மீ.க்குத் தள்ளிவைப்பது. செயலி அதற்கு இடம் தராவிட்டால், மேட்டின் உச்சி கண்ணில் படும்வரை கடிகாரம் கேட்கும் வேகத்தைப் பொருட்படுத்தாமல் ஓடுவது.

மூன்றாவது, பழைய காகிதம். பாஸ்டனில் ஒவ்வொரு மைலுக்கும் பலகை உண்டு. அந்தத் தூரம் பொய் சொல்லாது. நம் திட்டப்படி 4-வது மைல் பலகையில் 36:16, பாதித் தூரத்தில் 1:59:35, 16-வது மைலில் 2:25:51, மேடெல்லாம் முடிந்த பிறகு 21-வது மைலில் 3:12:40. இந்த நான்கு எண்களை மணிக்கட்டில் எழுதிக்கொண்டு, பலகையைத் தாண்டும்போது ஓடிய மொத்த நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். கடிகாரம் 10 விநாடி முன்னே என்று சொல்ல, பலகைக் கணக்கு 20 விநாடி பின்னே என்று சொன்னால் பலகையை நம்புங்கள். பிழை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதும் அந்த இடைவெளியிலேயே தெரிந்துவிடும்.

திட்டத்துக்குள் வராதது

2011-இல் பின்னாலிருந்து பலமான காற்று தள்ள, கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் பாஸ்டனில் 2:03:02-இல் வென்றார். இறக்கம் அதிகமுள்ள, ஒரே திசையில் போகும் பாதை என்பதால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. 2018-இல் எதிர்காற்றும் குளிரும் கொட்டும் மழையும். ஜப்பானின் யூகி கவாவுச்சி வென்ற நேரம் 2:15:58. ஒரே பாதை, அதே ஏற்ற இறக்கம். வென்றவர்களுக்கு இடையே ஏறத்தாழ 13 நிமிட வித்தியாசம். ஓட்டக்காரர் மாறினார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் கோப்பில் உள்ள உயர எண்கள் காற்றையும் வெப்பத்தையும் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பது இதில் விளங்கும்.

அதனால் ஒரே பாதைக்கு இரண்டு திட்டங்களைக் கடிகாரத்தில் ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது: நல்ல வானிலைக்கு ஒன்று, வெயிலோ எதிர்காற்றோ இருந்தால் ஐந்தாறு நிமிடம் தளர்த்திய இன்னொன்று. எதை எடுப்பது என்பதைப் பந்தயத்துக்கு முந்தைய இரவே வானிலை பார்த்து முடிவு செய்துவிடலாம். துண்டு எப்படி மாறுகிறது, லேப் பொத்தானை அழுத்தினால் உங்கள் மாடல் என்ன செய்கிறது என்பதையெல்லாம் வீட்டருகே ஒரு சிறு பாதையில் இதேபோல் திட்டம் போட்டு ஓடிப் பார்த்துவிட வேண்டும். ஹாப்கின்டனில் ஸ்டார்ட் அழுத்த வேண்டியது, துப்பாக்கி வெடிக்கும்போது அல்ல. கூட்டம் நகர்ந்து நகர்ந்து, உங்கள் கால் தொடக்கக் கோட்டைத் தாண்டும் அந்த நொடியில்தான்.